தேடலில் காணாமல் போன 14 பொருள்கள்: மதுரை அப்பள வியாபாரம் ஒன்றின் பட்டியலைச் சீராக்கிய கதை

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார், அந்தக் கடையோடு ஒட்டி, அப்பளம், வடகம், வத்தல் வகைகளைத் தங்கள் பெயர் அச்சிட்ட பைகளில் அடைத்து, பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக விற்று வருகிறார்கள். இணைய வியாபாரம் முழுவதும் அந்த வீட்டு அக்காவின் பொறுப்பு. தளத்தில் அவர்களுக்கு 38 பொருள்கள் உண்டு. நாளொன்றுக்கு இருபதுக்குக் குறையாமல் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அது ஒரு வாரத்துக்குள் ஆறு, ஏழு என்று இறங்கியபோது, இத்தகைய தளங்களில் பொருள்களின் பதிவுகளை, அதாவது பட்டியலை, சீராக்கித் தரும் எனக்கு அக்கா தொலைபேசியில் சொன்னது இதுதான்: "தம்பி, சரக்கு இருக்கு, விலையும் மாத்தல. ஆனா மூணு பாக்கெட் அப்பளத்துக்கு நாலு நாளா ஒரு ஆர்டர்கூட இல்ல. பாத்துட்டு வேணாம்னு போறாங்களா, இல்ல அவங்க கண்ணுலயே படலையான்னு தெரியல."

பட்டியல் வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டுவிட்டார். வாங்குபவர் பார்த்துவிட்டு விலகுவதற்கும், அவர் கண்ணில் பொருளே படாமல் போவதற்கும் மருந்து வேறு வேறு. முன்னதற்கு விலை, படம், வாடிக்கையாளர் கருத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பின்னதற்குப் பொருளின் பதிவையே திறந்து பார்க்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய வணிக அறிக்கையில் பக்கப் பார்வை எண்ணிக்கை ஒன்றே போதும். மூன்று பாக்கெட் அப்பளத்தின் பக்கத்தை முந்தைய வாரம் நூற்றுக்கணக்கானவர்கள் திறந்திருந்தார்கள். அந்த வாரம் அது ஒன்பது முறைதான் திறக்கப்பட்டிருந்தது. அந்த ஒன்பதில் இரண்டு அக்காவின் கைப்பேசியிலிருந்து போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொருளின் நேரடி இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் வழக்கம்போலத் திறந்தது; விலை இருந்தது, வாங்கும் பொத்தானும் இருந்தது. அதே பொருளின் முழுத் தலைப்பைத் தேடல் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து இட்டுத் தேடினால் மற்றவர்களுடைய அப்பளங்கள் வந்தன, இவர்களுடையது வரவில்லை. விற்பனையாளர் பலர் ஏமாறுவது இங்கேதான்: பழைய இணைப்பைத் திறந்து பார்த்து, "பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். சரக்கு மேலாண்மைத் திரையில், தேடலில் மறைக்கப்பட்டவற்றை மட்டும் காட்டும் `Search Suppressed` என்ற வடிகட்டியைத் தேர்ந்தபோது 14 பொருள்கள் வந்து நின்றன. இன்னும் 9 பொருள்களுக்குப் பட்டியல் தரம் குறைவு என்ற மஞ்சள் எச்சரிக்கை இருந்தது. மீதி 15 பொருள்களில் குறை ஒன்றுமில்லை.

மறைப்பும் தர எச்சரிக்கையும் ஒன்றல்ல. தளம் கட்டாயமாகக் கேட்கும் விவரம் காலியாக இருந்தால் பொருள் தேடலிலிருந்து நீக்கப்படும். பரிந்துரைக்கும் விவரம் காலியாக இருந்தால் பொருள் தேடலில் இருக்கும், எச்சரிக்கை மட்டும் தொங்கும். இவை இரண்டையும் விட்டு, ஆவணம் கேட்டு விற்பனையையே நிறுத்தி வைப்பது மூன்றாவது நிலை; அதைக் கட்டம் நிரப்பித் தீர்க்க முடியாது. நல்லவேளையாக இங்கே அந்த மூன்றாவது நிலையில் எதுவும் இல்லை.

காலிக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன

அக்காவின் பட்டியலில் யாரும் எதையும் அழிக்கவில்லை. இந்தப் பொருள்களை ஏற்றிய காலத்தில் அந்தக் கட்டங்களே படிவத்தில் இல்லை, அல்லது இருந்தும் கட்டாயமாக இல்லை. பொருள் வகை ஒவ்வொன்றுக்கும் தளம் ஒரு படிவ வார்ப்பு வைத்திருக்கிறது; அதில் அவ்வப்போது புதிய கட்டங்களைச் சேர்க்கும், பழைய கட்டங்களைக் கட்டாயமாக்கும். புதிதாக ஏற்றுபவரைப் படிவமே தடுத்து நிறுத்திக் கேட்டுவிடும். பழைய பொருள்களுக்கோ ஒரு கெடு தேதியோடு அறிவிப்பு வரும். கெடு கடந்தால் மறைப்பு வரும். இந்த அறிவிப்பு ஏழு வாரங்களுக்கு முன்பே வந்திருக்கிறது. ஆனால் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் அக்காவின் கொழுந்தனார் என்பதால், அவருடைய மின்னஞ்சலுக்குப் போய், படிக்கப்படாமல் கிடந்தது.

இந்தக் கட்டங்களில் சில, தளத்தின் விருப்பத்துக்காக மட்டும் கேட்கப்படுபவை அல்ல. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளில் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் தொடர்பு போன்றவற்றை இணைய விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்றாயிற்று. 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் விற்பனையாளர் பிறப்பிட நாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்றன. ஆகவே இந்தக் கட்டங்களில் நாம் எழுதுவது பையின் பின்பக்கம் அச்சாகியிருப்பதன் மறுபதிவு. பையில் ஒன்றும் பக்கத்தில் வேறொன்றும் இருந்தால், மறைப்பு நீங்கினாலும் சிக்கல் தீராது.

நான் போவதற்குள் வீட்டில் இரண்டு யோசனைகள் தயாராக இருந்தன. 14 பொருள்களையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்பது கல்லூரியில் படிக்கும் அக்கா மகனின் யோசனை. அழித்தால் நான்கு ஆண்டு விற்பனை வரலாறும் வாடிக்கையாளர் கருத்துகளும் அந்தப் பதிவோடு போய்விடக்கூடும். அதே பார்கோடோடு திரும்ப ஏற்றினால் தளம் பழைய பதிவிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும், காலிக் கட்டமும் அப்படியே இருக்கும். காலியாக உள்ள எல்லாக் கட்டத்திலும் `NA` என்று போட்டுவிடலாம் என்பது இன்னொரு யோசனை. அது சில கட்டங்களில் ஏற்கப்பட்டு மறைப்பு நீங்கவும் நீங்கலாம், அதனால்தான் ஆபத்து: உணவுப் பொருளின் சேர்பொருள் கட்டத்தில் `NA` என்று இருக்கும் பக்கம் வாங்குபவருக்குப் பொய்யான பக்கம், தளத்தின் அடுத்த சோதனையிலும் அது சிக்கும்.

பொருள் வாரியாக அல்ல, கட்டம் வாரியாக

மறைக்கப்பட்ட பொருள்களின் அறிக்கையைப் பதிவிறக்கினால், ஒரு பொருளுக்கு எத்தனை குறையோ அத்தனை வரிகள் இருக்கும். 14 பொருள்களுக்கு 49 வரிகள் வந்தன. பொருளைத் திறந்து, ஒவ்வொரு குறையாகத் தீர்த்து, அடுத்த பொருளுக்குப் போவதுதான் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. அந்த வழியில் போனால் ஒரே கேள்விக்கு 14 முறை, களைப்புக்கு ஏற்றபடி 14 விதமாகப் பதில் எழுதுவோம். நான் வரிகளைக் கட்டத்தின் பெயரால் வரிசைப்படுத்தினேன். 49 வரிகளும் நான்கு கட்டங்களுக்குள் அடங்கின: பிறப்பிட நாடு 14, உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14, ஒவ்வாமைத் தகவல் 10, அளவும் அளவின் அலகும் சேர்ந்த கட்டம் 11. ஆக, பதில் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகள் நான்குதான். அவற்றில் பிறப்பிட நாட்டுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. தளத்தின் பட்டியலில் உள்ள `India` என்ற சொல்லை அப்படியே தேர்ந்தால் முடிந்தது. மற்ற மூன்றுக்கும் கணினி முன்னால் உட்கார்ந்து பதில் கிடைக்காது என்பதால், மறுநாள் தராசோடு சரக்கறைக்குப் போனோம்.

அளவு என்ற எளிய கட்டம்

பார்க்க எளிமையாகத் தெரிகிற, ஆனால் அதிகம் தப்பாகிற கட்டம் அளவுதான். தளம் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் கேட்கிறது: `unit_count`, `unit_count_type`, `number_of_items`. மூன்று பாக்கெட் உளுந்து அப்பளத்துக்கு முதல் கட்டத்தில் முன்பு 3 என்று மட்டும் இருந்தது, அலகு காலி. ஒரு பாக்கெட்டின் நிகர எடை 200 கிராம். எனவே மொத்தம் 600, அலகு கிராம், எண்ணிக்கை 3 என்பதே சரியான பதிவு.

அலகு காலி என்று எச்சரிக்கை வந்தவுடன், காலியாக உள்ள கட்டத்தை மட்டும் பார்த்து, அங்கே `Gram` என்று தேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அக்காவுக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று பாக்கெட்டின் விலை 210 ரூபாய். 600 கிராம் என்று இருந்தால் பக்கத்தில் விலைக்குக் கீழே 100 கிராம் 35 ரூபாய் என்று தளம் காட்டும். 3 கிராம் என்று இருந்தால் ஒரு கிராம் 70 ரூபாய், அதாவது 100 கிராம் 7,000 ரூபாய் என்று காட்டும். அக்கா சிரித்துவிட்டு, "அந்த விலைக்கு அப்பளம் யாரு வாங்குவா தம்பி" என்றார். சிரிப்புக்கு அப்பால், இந்த எண்ணைப் பார்த்த வாங்குபவர் ஏன் விலகினார் என்று எந்த அறிக்கையும் சொல்லாது; எச்சரிக்கையும் நீங்கியிருக்கும், ஏனென்றால் கட்டம் இப்போது காலியாக இல்லை. தளம் முதலில் பார்ப்பது கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான். நிரப்பியது உண்மையா என்பது நம் பொறுப்பு. ஆகவே ஒரு கட்டம் காலி என்று தளம் சொன்னால், அதோடு இணைந்த பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்துப் படிப்பது என் வழக்கம்.

அப்பளத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. பையின் முன்பக்கம் சுமார் 40 அப்பளங்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து, முன்பு பட்டியல் வேலை செய்தவர் இரண்டு பொருள்களுக்கு 40 என்றும் `Count` என்றும் போட்டிருந்தார். சரக்கறையில் ஐந்து பைகளைப் பிரித்து எண்ணினோம். 37இலிருந்து 42 வரை இருந்தது. கையால் தேய்த்த அப்பளம் அப்படித்தான் இருக்கும். பையில் சட்டப்படி அறிவித்திருக்கும் நிகர அளவு எடையில் இருக்கும்போது, மாறக்கூடிய எண்ணிக்கையை அளவாகப் பதிவது வீண் வம்பு. அந்த இரண்டையும் கிராமுக்கு மாற்றினோம்.

இதோடு தொடர்புடையது பார்சல் எடை. அறிக்கையில் அது குறையாக வரவில்லை. தராசு கையில் இருந்ததால் பார்த்தோம். நிகர எடையையே பார்சல் எடையாகப் போட்டிருந்தார்கள். அப்பளம் நொறுங்காமல் போக வேண்டும் என்பதற்காக மூன்று பாக்கெட்டை 25, 15, 12 சென்டிமீட்டர் பெட்டியில் வைக்கிறார்கள். மூன்றையும் பெருக்கி, பொதுவாகப் பயன்படும் 5,000ஆல் வகுத்தால் கன அளவு எடை, அதாவது பெட்டி அடைக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் எடை, 0.9 கிலோ. தராசில் பெட்டியோடு 760 கிராம்தான். அனுப்பும் கட்டணம் இரண்டில் பெரியதற்குத்தான் என்பதால், அக்காவின் லாபக் கணக்கையே திருத்த வேண்டியதாயிற்று. அது வேறு கதை.

மோர் மிளகாயில் மோர்

ஒவ்வாமைத் தகவல் கட்டத்தைப் பத்துப் பொருளுக்கும் ஒரே வீச்சில் "எதுவும் இல்லை" என்று நிரப்பிவிடலாம் என்பதுதான் எனக்கும் முதலில் வந்த எண்ணம். உளுந்து, அரிசி, உப்பு, மிளகாய் ஆகியவற்றில் எதுவும் இந்திய உணவு லேபிள் விதிகள் அறிவிக்கச் சொல்லும் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட். அப்பளத்துக்கும் வத்தலுக்கும் இதில் என்ன தொடர்பு என்றுதான் தோன்றும்.

பையைத் திருப்பிச் சேர்பொருள்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. மோர் மிளகாயில் மோர் இருக்கிறது. பெயரிலேயே இருப்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்த மோர் பால் பொருள் என்று ஒவ்வாமைக் கட்டத்தில் சொல்ல வேண்டும். இவர்கள் வீட்டு முறையில் சுண்டைக்காய் வத்தலையும் மோரில் ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள். அந்த இரண்டு பைகளிலும் சேர்பொருளில் மோர் அச்சாகியிருந்தது. பால் உள்ளது என்ற ஒவ்வாமை வாசகம் அச்சாகவில்லை.

அடுத்தது பெருங்காயம். மிளகு அப்பளம் ஒன்றிலும் சீரக அப்பளம் ஒன்றிலும் பெருங்காயத்தூள் சேர்க்கிறார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். எது என்பது அதன் டப்பாவில் இருக்கும். அப்பளம் இட்டுத் தருபவர்கள் சிந்தாமணிப் பக்கம் இருக்கிறார்கள். அங்கே போய் டப்பாவைக் கேட்டு வாங்கிப் படித்தோம். கோதுமை மாவு என்று இருந்தது. ஆக, உளுந்து அப்பளம் என்றாலே கோதுமை கிடையாது என்று எல்லோரும் நினைக்கிற பொருள்களில் இரண்டுக்கு, கோதுமை என்று பதிய வேண்டியதாயிற்று. அந்தப் பைகளில் "பெருங்காயத்தூளில் கோதுமை உள்ளது" என்ற சிறிய வரி ஏற்கெனவே இருந்தது. அதை அச்சுக்குக் கொடுத்தவர் யாரோ விவரம் தெரிந்தவர்.

மஞ்சள் எச்சரிக்கை வந்த 9 பொருள்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றின் சிக்கலும் இதுவே. தளம் அங்கே கேட்டது சிறப்பியல்பு என்ற பரிந்துரைக் கட்டம். கீழிறங்கும் பட்டியலில் `Organic`, `Gluten Free` என்றெல்லாம் கவர்ச்சியான சொற்கள் இருக்கும். ஆர்கானிக் என்று சொல்ல அதற்குரிய சான்றிதழ் வேண்டும். குளூட்டன் இல்லை என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்ற வரம்பைப் பொருள் தாண்டக் கூடாது. பெருங்காயக் கதையைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைத் தொட யாருக்கும் துணிவில்லை. ஒரு பொருளில் அக்கா மகன் முந்தின இரவே `Organic` தேர்ந்து வைத்திருந்தான், அதை எடுத்தோம். அது நின்றிருந்தால், சான்றிதழ் கேட்கும் அந்த மூன்றாவது நிலைக்குப் பொருளை நாமே தள்ளியிருப்போம். ஒன்பதில் ஆறுக்கு `Vegetarian` என்ற உண்மையான பதில் பொருந்தியது. மூன்றுக்குக் கட்டத்தைக் காலியாகவே விட்டோம். மஞ்சள் எச்சரிக்கை அவற்றில் இன்றும் இருக்கிறது, விற்பனைக்குக் குறைவில்லை.

கோப்பு, எக்செல், உரிம எண்

உரிம எண் 14 இலக்கம். அக்காவின் குடும்பம் அடைப்பவரும் விற்பவரும். அப்பளம் இடுபவர் வேறு. தளத்தின் கட்டத்தில் எந்த எண்ணை இடுவது என்ற கேள்விக்குப் பையே பதில் சொன்னது: வணிகப் பெயரின் உரிமையாளர் என்ற முறையில் இவர்களுடைய எண் இலச்சினையோடும், தயாரிப்பாளரின் எண் அவர் முகவரிக்குப் பக்கத்திலும் அச்சாகியிருந்தன. கட்டம் கேட்டது விற்பனையாளருடையது என்று அதன் விளக்கத்தில் இருந்ததால் இவர்களுடையதை எடுத்தோம்.

திருத்தங்களை ஒவ்வொரு பக்கமாகச் செய்யாமல், எக்செல் கோப்பில் நிரப்பித் தளத்தில் மொத்தமாக ஏற்றுவதுதான் எங்கள் வழி. இந்த எண் எக்செலில் இரண்டு முறை காலை வாரும். இட்டவுடன் அது `1.24E+13` போன்ற வடிவத்துக்கு மாறி நிற்கும், அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் பின்னிலக்கங்கள் போய்விடும். அதைத் தடுக்க அந்தப் பத்தியை முன்கூட்டியே `Text` வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் முதல் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், எக்செல் அதை வரிசை எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிவிடும். 14 பொருளுக்கு 14 வெவ்வேறு உரிம எண்கள் கிடைக்கும், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். நான் இதில் ஒருமுறை அடிபட்டவன் என்பதால் இழுப்பதில்லை. நகலெடுத்து, மொத்தக் கட்டங்களையும் தேர்ந்து ஒட்டுகிறேன், பிறகு முதல் வரியையும் கடைசி வரியையும் பையோடு ஒப்பிடுகிறேன்.

கோப்பில் இதைவிட முக்கியமான ஒரு பத்தி உண்டு: இந்த வரி பதிவை முழுதாக மாற்றுவதா, பகுதியை மட்டும் திருத்துவதா என்று சொல்வது. முழு மாற்றத்தில் நாம் காலியாக விட்ட பத்திகள், தளத்தில் ஏற்கெனவே உள்ள தகவலை அழிக்கும். நான்கு கட்டம் நிரப்பப் போய் விளக்கம், சிறுகுறிப்புகள், தேடுசொற்கள் எல்லாம் துடைக்கப்பட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பகுதித் திருத்தத்தில் காலிப் பத்தி தொடப்படாது. எங்கள் கோப்பின் அளவுப் பகுதி, பத்திகளைச் சுருக்கிச் சொன்னால், இப்படி இருந்தது:

```
sku,record_action,unit_count,unit_count_type,number_of_items
APL-U200-3,partial_update,600,Gram,3
APL-U200-1,partial_update,200,Gram,1
```

வெள்ளிக்கிழமை இந்த இரண்டு வரிகளை மட்டும், மற்ற கட்டங்களோடு சேர்த்து ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன் இருந்த பதிவு முழுவதையும் பட்டியல் அறிக்கையாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டேன். ஏதாவது அழிந்தால் திரும்பப் போட அது வேண்டும். முடிவறிக்கை இரண்டில் ஒன்று வெற்றி, ஒன்று பிழை என்றது. பிழை வந்த வரியில் `India` என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தது. அந்தச் சொல்லைப் பட்டியலில் காணோம் என்று தளம் மறுத்திருக்கிறது. இதைப் பன்னிரண்டு வரியில் தேடுவதைவிட இரண்டு வரியில் தேடுவது எளிது. திருத்தி ஏற்றி, இரண்டு பக்கங்களிலும் பழைய விளக்கங்கள் அப்படியே இருப்பதைப் பார்த்தபின், சனிக்கிழமை பத்துப் பொருள்களை ஏற்றினோம். மோர் மிளகாயையும் சுண்டைக்காய் வத்தலையும் ஏற்றவில்லை.

திரும்பி வந்தவையும் வராதவையும்

முடிவறிக்கையில் வெற்றி என்றிருந்தால் கோப்பு ஏற்கப்பட்டது என்றுதான் பொருள். பொருள் தேடலில் திரும்பியது என்று பொருளல்ல. அதைத் தேடல் பெட்டியில்தான் பார்க்க வேண்டும், அதுவும் விற்பனையாளர் கணக்கிலிருந்து வெளியேறி. ஞாயிறு மாலை எட்டுப் பொருள்கள் வந்திருந்தன, திங்கள் காலை பதினொன்று. ஏற்றிய பன்னிரண்டில் ஒன்று மட்டும் வரவில்லை: 250 கிராம் கூழ் வடகம்.

நாங்கள் 250 என்றும் கிராம் என்றும் போட்டது ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் பக்கத்தில் அலகு காலியாகவே நின்றது. காரணம் அன்றைக்கெல்லாம் பிடிபடவில்லை. பக்கத்தில் மற்ற விற்பனையாளர்கள் என்ற சிறிய வரியைச் சொடுக்கியபோது தெரிந்தது: கீழமாசி வீதிக் கடையில் மொத்தமாக வடகம் வாங்கிப் போகும் ஒருவர் அதே பக்கத்தில் தானும் விற்கிறார். ஒரே பொருளின் பக்கம் ஒன்றுதான்; பல விற்பனையாளர் அதற்குத் தகவல் தரும்போது யாருடைய தகவலைக் காட்டுவது என்று தளமே முடிவு செய்யும். நம் கோப்பு பிழையில்லாமல் ஏறியும் பக்கம் மாறாமல் இருந்தால், இந்தச் சாத்தியத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே கோப்பைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதில் பயனில்லை. விற்பனையாளர் உதவிப் பிரிவில் கோரிக்கை பதிந்து, நிகர எடை தெளிவாகத் தெரியும் பையின் பின்பக்கப் படம், பார்கோடு தெரியும் படம், மாற்ற வேண்டிய கட்டத்தின் பெயர், இருக்க வேண்டிய மதிப்பு ஆகிய நான்கை மட்டும் கொடுத்தோம். முதல் பதில் பொதுவான வாசகமாக வந்தது. படங்களை மறுபடி இணைத்து, அதே கோரிக்கையிலேயே பதில் எழுதினோம். புதிய கோரிக்கை திறந்தால் வரிசையில் பின்னால் போக நேரும் என்பது என் அனுபவம். ஆறாம் நாள் அலகு மாறியது, மறுநாள் வடகம் தேடலில் வந்தது.

ஆர்டர் அந்த வாரக் கடைசியில் பதினாறு, பதினேழுக்கு வந்தது. பழைய இருபதை உடனே எட்டவில்லை. இரண்டு வாரம் விற்காமல் இருந்த பொருள் தேடலில் திரும்பினாலும், பழைய வரிசை இடத்தில் திரும்புவதில்லை.

மோர் மிளகாய்க்கும் சுண்டைக்காய் வத்தலுக்கும் கட்டத்தில் பால் என்று இட்டால் அன்றே தேடலில் வந்துவிடும். ஆனால் பக்கம் பால் உள்ளது என்று சொல்ல, பையில் அந்த வாசகம் இல்லாமல் சரக்கு போகும். "லேபிள் அடிச்சு வரட்டும் தம்பி, அதுவரைக்கும் இது ரெண்டும் கடையில கேட்டு வாங்குறவங்களுக்கு நான் வாயாலயே சொல்லி வித்துக்கறேன்" என்றார் அக்கா. புதிய லேபிளுக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தேன்; சேர்பொருள் வரிசைக்கு அடுத்து, தடித்த எழுத்தில், பால் உள்ளது என்று. அச்சகத்தில் பத்து நாள் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டுக்கான வரிகளும் கோப்பில் நிரப்பித் தயாராக இருக்கின்றன.